உப்புத் தண்ணீரும் ஏசி காற்றும்: மாலைக்குள் களையிழக்கும் முகத்தைச் சரிசெய்வது எப்படி?

காலையில் கண்ணாடியில் பார்த்த முகமும் மாலை ஆறு மணிக்கு லிஃப்ட் கண்ணாடியில் தெரியும் முகமும் வேறு வேறாக இருப்பதற்குப் பலர் உடனே தூக்கத்தைக் குறை சொல்கிறார்கள். தூக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிக் குடியிருந்து, அதே சாலையில் ஏசி அலுவலகத்தில் எட்டு ஒன்பது மணி நேரம் உட்காருபவர்களின் முகத்தில் இன்னும் இரண்டு காரணங்கள் வேலை செய்கின்றன. ஒன்று, குளியலறைக் குழாயில் வரும் உப்புத் தண்ணீர். இன்னொன்று, தலைக்கு மேலே இருக்கும் ஏசி துவாரம்.

இரண்டையும் தனித்தனிக் கேடுகளாகப் பார்ப்பதுதான் வழக்கம். தண்ணீருக்கு ஒரு வடிகட்டி, ஏசிக்கு ஒரு விலையுயர்ந்த சீரம் என்று வாங்குவார்கள். உண்மையில் இவை ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. காலையில் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து தோலின் காப்பைத் தளர்த்திவிடுகின்றன. அப்படித் தளர்ந்த தோலிலிருந்து பகல் முழுக்க ஏசி காற்று ஈரத்தை இழுக்கிறது. அதனால் இவை இரண்டும் சந்திக்கும் இடத்தில், அதாவது முகம் கழுவி முடிக்கும் கடைசிச் சொம்பிலும் அதற்கடுத்த இரண்டு மூன்று நிமிடங்களிலும் கை வைத்தால் செலவும் குறைவு, பலனும் அதிகம்.

தண்ணீரும் சோப்பும் சேர்ந்து என்ன செய்கின்றன

உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்வதில் முகத்துக்குப் பிரச்சினையாவது அதன் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவு. இவை தாமாக முகத்தைக் கெடுப்பது குறைவு. கெடுதல் தொடங்குவது சோப்பு சேரும்போதுதான். கொழுப்பு அமிலத்திலிருந்து செய்த சோப்பு கால்சியத்தோடு சேர்ந்தால் நீரில் கரையாத ஒரு படிவாகிவிடும். வாளியின் உட்புறம் விரலால் தேய்த்தால் வழுவழுவென்று வரும் சாம்பல் நிறப் பிசுக்கு அதுதான். அந்தப் பிசுக்கு வாளியில் மட்டும் தங்குவதில்லை, கன்னத்திலும் மூக்கோரத்திலும் மெல்லியதாகத் தங்குகிறது. எத்தனை முறை கழுவினாலும் போவதில்லை, ஏனென்றால் கழுவுவதும் அதே தண்ணீரில்தான்.

சோப்பல்லாத நுரைப்பொருட்களும் இதிலிருந்து முழுதாகத் தப்புவதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப்பொருளால் தோலைக் கழுவி, வெவ்வேறு கடினத்தன்மை உள்ள தண்ணீரால் அலசிப் பார்த்தார்கள். கடின நீரில் அலசிய தோலில் அந்தப் பொருள் அதிகமாகத் தங்கியது, தோல் வழியாக ஈரம் வெளியேறுவதும் எரிச்சலும் கூடின. கவனிக்க வேண்டியது, கேட்டைச் செய்தது தங்கிப்போன நுரைப்பொருள். தண்ணீர் அதைத் தங்கவைத்தது.

இன்னொன்றும் உண்டு. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் அளவு 5 ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை. கழுவியதும் தோல் தன் அளவுக்குத் திரும்பச் சில மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில்தான் நாம் அலுவலகத்துக்குள் நுழைகிறோம்.

ஏசி எவ்வளவு உலர்த்துகிறது

சென்னைக் காற்று ஈரமானது, அதனால் இங்கே தோல் வறளாது என்று சொல்பவர்கள் உண்டு. வெளியே நிற்கும் வரை அது சரி. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வெளியே வெப்பநிலை 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். அலுவலகத்தில் 23 டிகிரி, 50 சதவீதம் என்றால் அது சுமார் 10 கிராம். மீதி நீர்தான் ஏசியின் வெளிக்குழாயில் சொட்டுகிறது.

தோலை ஒட்டிய காற்று 32 டிகிரியில் முழு ஈரத்தோடு இருப்பதாக வைத்துக்கொண்டால் அதில் சுமார் 34 கிராம் நீராவி. அதற்கும் வெளிக்காற்றுக்கும் வித்தியாசம் 10 கிராம். அதற்கும் அலுவலகக் காற்றுக்கும் வித்தியாசம் 24 கிராம். ஈரத்தை வெளியே இழுக்கும் விசை இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. இதோடு காற்று நேரே முகத்தில் வீசினால், கொடியில் போட்ட துணி மின்விசிறிக்குக் கீழே சீக்கிரம் காய்வதுபோல இழப்பு இன்னும் வேகமாகும்.

தோலின் மேலடுக்கில் ஈரம் குறையும்போது அதன் செதில்களின் விளிம்புகள் நிமிர்ந்துகொள்கின்றன. சமமாக இருந்த பரப்பு சொரசொரப்பாகி, ஒளியைச் சீராகத் திருப்பாமல் சிதறடிக்கிறது. அதுதான் நாம் ‘களை போய்விட்டது’ என்று சொல்லும் மங்கல். எண்ணெய்ச் சருமம் உள்ளவர்களுக்கு இது குழப்பமாகத் தெரியும்: நெற்றியும் மூக்கும் மின்னும், கன்னம் மட்டும் இழுத்துப்பிடிக்கும். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. ஒன்று மிகுந்து மற்றது குறையலாம்.

முதல் வேலை: குற்றவாளி யார் என்று பிரித்துப் பார்த்தல்

எதையும் வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். வழக்கமான தண்ணீர், வழக்கமான சோப்பு, ஆனால் ஏசி இல்லாமல் பகல் முழுக்க வீட்டில் இருந்து பாருங்கள். மாலையில் முகம் நன்றாகவே இருந்தால் அலுவலகக் காற்றின் பங்கு பெரிது. வீட்டில் இருந்தும் மங்கித்தான் போகிறது என்றால் தண்ணீரையும் சோப்பையும் முதலில் பாருங்கள்.

மறுநாள் காலை முகம் கழுவித் துடைத்துவிட்டு, எதுவும் பூசாமல் பத்து நிமிடம் காத்திருங்கள். அதற்குள் இறுக்கம் தெரிந்தால் உங்கள் சோப்பும் தண்ணீரும் ஒத்துவரவில்லை. அப்போது ஒன்றுமில்லாமல், மதியம் மூன்று மணிக்குத்தான் இறுக்கம் தொடங்குகிறது என்றால் ஏசி. பெரும்பாலும் இரண்டுமே இருக்கும், ஆனால் எது அதிகம் என்று தெரிந்தால் எதில் தொடங்குவது என்பது தெளிவாகிவிடும்.

தண்ணீரைச் சோதித்தல்

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பாதி அளவு குழாய்த் தண்ணீர், மற்றதில் அதே அளவு கேன் தண்ணீர். இரண்டிலும் குளியல் சோப்பைச் சீவி ஒரே அளவு போட்டு, மூடி, ஒரே மாதிரி குலுக்குங்கள். கேன் தண்ணீரில் நுரை பொங்கி, கீழே நீர் ஓரளவு தெளிந்து நிற்கும். கடின நீரில் நுரை சீக்கிரம் அடங்கி, நீர் பால்போல் கலங்கி, மேலே தயிர்த்துணுக்குகள் போன்ற படிவு மிதக்கும். இதற்கு ஷாம்பூவையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ எடுக்காதீர்கள். அவை கடின நீரிலும் நுரைக்கும், சோதனை பொய்யாகிவிடும்.

எண்ணாகத் தெரிய வேண்டும் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதிக்கலாம். அறிக்கையில் ‘மொத்தக் கடினத்தன்மை’ என்ற வரியைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்குச் சொல்லும் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்கிறது. கையடக்க டிடிஎஸ் கருவியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது கரைந்த எல்லா உப்புகளையும் சேர்த்துச் சொல்கிறது. கடலோர ஆழ்துளைக் கிணற்றில் சாதாரண உப்பே டிடிஎஸ்ஸை ஏற்றிவிடும்.

கழுவும் முறையை மாற்றுதல்

நாவலூரில் ஓர் அடுக்ககத்தில் குடியிருந்து, சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குளியலறையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், கோடையில் அதோடு லாரித் தண்ணீரும் கலந்து வரும். சமையலறையில் ஆர்ஓ இருக்கிறது. இவர் காலையில் சோப்பு போட்டு முகம் கழுவுகிறார், மதியம் சாப்பிட்டதும் அலுவலகத்தில் ஃபேஸ்வாஷ், இரவு மீண்டும் சோப்பு. மாலையில் முகம் வாடியிருப்பதைப் பார்த்து நான்கு மணிக்கு இன்னொரு முறையும் கழுவத் தொடங்கியிருக்கிறார். அந்த நான்காவது முறை பத்து நிமிடம் புத்துணர்ச்சி தந்துவிட்டு, ஆறு மணிக்கு முன்பைவிட மோசமாக்குகிறது.

இவருக்குக் காலையில் நுரை எதுவும் தேவையில்லை. இரவு தூங்கி எழுந்த முகத்தில் தூசியோ சன்ஸ்கிரீனோ கிடையாது, வெறும் தண்ணீர் போதும். மிகுந்த எண்ணெய்ச் சருமம் என்றால் மட்டும் நெற்றிக்கும் மூக்குக்கும் கொஞ்சம் ஃபேஸ்வாஷ். முழுமையாகக் கழுவ வேண்டியது வீடு திரும்பிய பிறகு ஒரே ஒரு முறை.

அந்த ஒரு முறைக்கு எதைப் பயன்படுத்துவது? உறையில் ‘சோடியம் பாமேட்’, ‘சோடியம் டாலோவேட்’ என்று தொடங்கினால் அது கொழுப்புச் சோப்பு, கடின நீரில் படிவு உண்டாக்கும். கட்டியாகவே வேண்டும் என்றால் ‘சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்’ முதலில் இருக்கும் கட்டியைத் தேடுங்கள். மருந்துக் கடைக்காரர்கள் இதை சின்டெட் பார் என்பார்கள். கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காவது இதில் மிகக் குறைவு, பிஎச்சும் தோலுக்கு நெருக்கம். திரவமாக வாங்கினால் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாததாகப் பாருங்கள். நன்றாக நுரைப்பதுதான் நன்றாகச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடுவது நல்லது.

பாட்டியின் நலங்கு மாவுக்கும் பயத்தமாவுக்கும் இங்கே ஒரு நியாயம் இருக்கிறது. மாவில் கொழுப்புச் சோப்பு இல்லை, அதனால் படிவும் இல்லை. ஆனால் மெல்லிய துணியில் சலித்த மாவாக இருக்க வேண்டும், தேய்க்காமல் குழைத்துப் பூசிக் கழுவ வேண்டும், முகத்திலேயே காயவிடக் கூடாது. சன்ஸ்கிரீனையும் மேக்கப்பையும் மாவு எடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி முக்கியமான படி. கழுவி முடித்ததும் கடைசி அலசலை ஆர்ஓ தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ செய்யுங்கள். ஒரு சொம்பு, முக்கால் லிட்டர் போதும். வீடு முழுவதற்குமான தண்ணீரை மாற்றத் தேவையில்லை, முகத்தில் கடைசியாகத் தங்கும் தண்ணீரை மாற்றினால் போதும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு வாரம் இடது கன்னத்தை மட்டும் அப்படி அலசிப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரியும். மொட்டை மாடியில் மழைநீரைச் சுத்தமாகப் பிடித்து வைக்கும் வீடுகளில் அதையே பயன்படுத்தலாம், அதைவிட மென்மையான நீர் கிடையாது. ஏசியிலிருந்து சொட்டும் நீரும் மென்னீர்தான், ஆனால் தூசியும் கிருமியும் படிந்த குழாய்ச் சுருளில் வழிந்து வருவது. முகத்துக்கு வேண்டாம்.

கொதிக்கவைப்பதைப் பற்றியும் கேட்பார்கள். பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை கொதிக்கும்போது வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்ளலாம். குளோரைடு, சல்ஃபேட் வகை கொதித்தாலும் போகாது. படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், கடினத்தன்மையைக் குறைக்காது. ஷவரில் மாட்டும் சிறிய வடிகட்டிகள் குளோரினையும் துருவையும் பிடிக்கலாம், கரைந்த கால்சியத்தைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எலுமிச்சைச் சாற்றைப் பூசி உப்பை எடுக்கிறேன் என்று வெயிலில் போவது தோலைக் கருக்கிவிடும்.

தாடி மழிக்கும் ஆண்களுக்கு ஒரு சொல்: கடின நீரில் நுரை குறைவதால் பிளேடு நேரடியாகத் தோலில் உரசுகிறது. மழிக்கும் தண்ணீரையும் அந்தச் சொம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவிய பின் வரும் மூன்று நிமிடங்கள்

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முகம் முழுக்கக் காய்வதற்குள், சுமார் மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர் போய்விட வேண்டும். அதில் இரண்டு வகைப் பொருள் இருக்க வேண்டும்: ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளிசரின், அதை மேலே மூடி வைக்கும் டைமெத்திகோன் அல்லது செராமைடு போன்றது. ஹையலுரானிக் அமிலச் சீரத்தை மட்டும் பூசிக்கொண்டு ஏசியில் உட்காருவது பாதி வேலைதான், மேலே மூடி இல்லாவிட்டால் பிடித்த ஈரமும் போய்விடும்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் மருந்துக் கடைக் கிளிசரினை ஈரமான உள்ளங்கையில் இரண்டு மூன்று சொட்டு விட்டு முகத்தில் ஒற்றி, மேலே சாதாரண லேசான கிரீம் பூசலாம். கிளிசரினை மட்டும் கெட்டியாகப் பூசினால் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்குப் பரவாயில்லை, பரு வரும் முகத்துக்கு வேண்டாம். பைக்கில் போகிறவர்களும் ஜன்னலோரம் உட்காருபவர்களும் இதன்மேல் சன்ஸ்கிரீன் போடுவது தனி அவசியம்.

உங்கள் இருக்கை

டிஷ்யூ காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, கணினித் திரையின் மேல் விளிம்பில் முகத்தின் உயரத்தில் ஒட்டிவையுங்கள். அது ஆடிக்கொண்டே இருந்தால் காற்று நேரே உங்கள் மேல் வீசுகிறது. கட்டடப் பராமரிப்பாளரிடம் வெப்பநிலையைக் கூட்டச் சொன்னால் பக்கத்து இருக்கைக்காரர் சண்டைக்கு வருவார். துவாரத்தின் இதழ்களைத் திருப்பவோ, காற்றைத் திசைமாற்றும் பிளாஸ்டிக் தட்டு மாட்டவோ கேளுங்கள், அதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. முடியாவிட்டால் நாற்காலியை மூன்றடி நகர்த்துவதே பெரிய மாற்றம் தரும்.

மேசையில் வைக்கும் சிறிய ஈரப்பதக் கருவிகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. அது விடும் ஈரத்தை மத்திய ஏசி சில நிமிடங்களில் இழுத்து வெளியே சொட்டிவிடும். அதில் கடின நீரை ஊற்றினால், அதிரும் வகைக் கருவி உப்பையும் சேர்த்து நுண்தூளாக வீசும். திரையின் மேல் வெள்ளைத் தூசி படிவது அதனால்தான்.

தண்ணீரை முகத்தில் தெளித்துக்கொள்ளும் ஸ்பிரேயும் அப்படியே. நீர் மட்டும் தெளித்து விட்டுவிட்டால் காய்ந்துபோகும், பலன் நிற்காது. தண்ணீர் நிறையக் குடிப்பது உடலுக்குத் தேவை, ஆனால் காற்றில் உலரும் மேலடுக்கைக் குடித்து நனைக்க முடியாது.

மூன்றரை மணிக்குச் செய்ய வேண்டியது

முகம் வாடத் தொடங்கும் முன், மூன்று மூன்றரை மணிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். கழுவ வேண்டாம். டிஷ்யூவால் நெற்றி, மூக்கு, தாடை எண்ணெயை ஒற்றுங்கள். குடிநீர்க் கருவியிலிருந்து உள்ளங்கையை நனைத்து, அதில் பட்டாணி அளவு மாய்ஸ்சரைசரைக் குழைத்து, கன்னத்திலும் வாயோரத்திலும் அழுத்தி ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். மேக்கப்பும் கலையாது. உதட்டுக்குக் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. கூடவே கண்ணைச் சில முறை முழுதாக மூடித் திறங்கள். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்ந்து சிவக்கிறது, முகம் சோர்ந்து தெரிவதில் பாதி அந்தக் கண்தான்.

நாவலூர்க்காரரின் நாள் இப்போது இப்படி மாறுகிறது: காலையில் வெறும் தண்ணீர், ஒரு சொம்பு ஆர்ஓ அலசல், ஈரத்தோடு கிரீம், சன்ஸ்கிரீன். மதியக் கழுவலும் நான்கு மணிக் கழுவலும் இல்லை. மூன்றரைக்கு ஒற்றல். இரவு சின்டெட் கட்டி, மறுபடி ஒரு சொம்பு, கிரீம். இறுக்கம் முதல் சில நாட்களிலேயே குறையும். மங்கல் தெளிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ள அவ்வளவு காலம் வேண்டும். இடையில் பொறுமையிழந்து ஸ்கிரப் போட்டுத் தேய்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

குடியிருப்போர் சங்கத்தில் மென்னீர்க் கருவி பற்றிப் பேச்சு வந்தால்

கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும் கருவி இது. அவ்வப்போது உப்பு போட்டுப் புதுப்பிக்க வேண்டும், கழிவு உப்புநீர் எங்கே போகும் என்றும் யோசிக்க வேண்டும். குழாய், கீசர், துணி, வாளி எல்லாம் பிழைக்கும். தோல் நோயைக் குணப்படுத்தும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளிடம் நடத்தி 2011 இல் வெளியான ஆய்வில், மென்னீர்க் கருவி பொருத்தியும் வழக்கமான மருத்துவத்தைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. கருவி வேலை செய்கிறதா என்று டிடிஎஸ் பார்த்துச் சொல்ல முடியாது, எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பாட்டில் குலுக்கும் சோதனைதான் காட்டும்.

எப்போது இது தண்ணீரும் ஏசியும் அல்ல

மூக்கோரத்திலும் புருவத்திலும் எண்ணெய்ப்பசையுள்ள செதிலும் சிவப்பும் இருந்தால் அது பொடுகு வகைத் தோலழற்சியாக இருக்கலாம், கிரீம் மாற்றுவதால் தீராது. இரு கன்னத்திலும் சமமாகப் படரும் பழுப்புத் திட்டு மங்கு எனப்படுவது, அதற்கு வெயில் தடுப்பும் தோல் மருத்துவரும் வேண்டும். முகம் வெளிறி, கீழிமையின் உட்புறமும் வெளிறி, மாடி ஏறினால் மூச்சு வாங்கினால் முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள். தலைமுடி உதிர்வு, எடை மாற்றம், குளிர் தாங்காமை ஆகியவை கூடவே இருந்தால் தைராய்டு. நான்கு வாரம் மேலே சொன்னபடி செய்தும் எரிச்சலோ செதிலோ குறையவில்லை என்றால், பயன்படுத்தும் எல்லாவற்றின் உறைகளையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். மருந்துக் கடையில் ‘வெள்ளையாக்கும்’ கிரீம் கேட்டு வாங்காதீர்கள், அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரிவதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும்.